முந்நூறு சொல்லுக்குள் ஒரு வாழ்க்கை: ஒரு பக்கக் கதைக்கு ட்விஸ்ட் மட்டும் போதுமா?

பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போனில் படித்து முடித்துவிடலாம் என்பதால் குட்டிக் கதைகளுக்கு இன்று நல்ல மவுசு. ஆனால் பத்துக் கதை படித்தால் அதில் ஏழெட்டு ஒரே அச்சில் இருக்கும். கடைசி வரியில் ஒரு திருப்பம் வரும். பேசிக்கொண்டிருந்தவர் இறந்துபோனவர் என்று தெரியும், அல்லது காதலி என்று நினைத்தது நாய்க்குட்டியாக இருக்கும். படித்ததும் ஒரு 'அட!' வரும், அடுத்த ஸ்க்ரோலில் மறந்தும் போகும்.

குறை நீளத்தில் இல்லை. முழுக் கதையின் ஓட்டத்தைச் சில நூறு சொல்லுக்குள் கொண்டுவர முடியும். ஆனால் அந்த ஓட்டம் என்பது திருப்பம் இல்லை, மாற்றம். தொடக்கத்தில் ஒரு இடத்தில் நின்ற மனிதர் முடிவில் வேறு இடத்தில் நிற்க வேண்டும். அந்த நகர்வு வாசகருக்குத் தெரிந்தால் கதை முழுமையாகிறது. தெரியாவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கடைசி வரி இருந்தாலும் அது ஒரு துணுக்குதான்.

55 சொல்லில் தொடங்கிய விதி

தமிழ் வார இதழ்களில் 'ஒரு பக்கக் கதை' பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. பக்கத்தின் அளவுதான் அங்கே எல்லை. சொற்களை எண்ணி எழுதும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஸ்டீவ் மாஸ். கலிபோர்னியாவில் 'நியூ டைம்ஸ்' என்ற தன் வாரப் பத்திரிகையில் 1987-ல் அவர் 55 சொல் கதைப் போட்டி தொடங்கினார். தமிழ் வாசகர்களிடம் இந்த வடிவத்தைப் பேசவைத்தவர் சுஜாதா.

ஸ்டீவ் மாஸ் வைத்த நிபந்தனைகள் நான்கு. ஒரு இடம் அல்லது சூழல் வேண்டும். குறைந்தது ஒரு பாத்திரம் வேண்டும். ஒரு சிக்கல் வேண்டும். அந்தச் சிக்கலுக்கு ஒரு முடிவு வேண்டும். அதாவது, பெரிய கதைக்கு என்ன தேவையோ அதேதான். நான்காவது நிபந்தனையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 'முடிவு' என்பதை 'அதிர்ச்சி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாசகரிடம் ஒரு தகவலை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவது எளிது. அப்போது மாறுவது வாசகருக்குத் தெரிந்த விஷயம் மட்டுமே. பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தமிழில் கணக்கே வேறு

இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பறித்தவளுக்கு' என்பது ஒரே சொல். செயல், காலம், ஒருமை, பெண்பால், வேற்றுமை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நாலைந்து சொல்லாவது வேண்டும். அதனால் தமிழில் 300 சொல் என்பது ஆங்கிலத்தின் 300 சொல்லைவிடப் பெரிய இடம்.

இதைவிட முக்கியமான வசதி ஒன்று உண்டு. உறவு எப்படி இருக்கிறது என்பதைத் தமிழில் தனியாக விளக்கத் தேவையில்லை. 'வாங்க' என்று கூப்பிட்டவர் ஒருநாள் 'வா' என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்துவிடும். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, ஊரைச் சொல்லியா, தொழிலைச் சொல்லியா என்பதிலேயே அவருடைய நிலைமை தெரிந்துவிடுகிறது. அழைக்கும் சொல்லை மாற்றினாலே போதும், ஒரு பத்தி மிச்சம்.

சுருக்கத்துக்குத் தமிழில் பழைய முன்மாதிரியும் இருக்கிறது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சிறிய இடம் போதுமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, திணை. குறிஞ்சி என்றாலே மலை, சந்திப்பு, இரவு என்று ஒரு உலகம் வாசகர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, பாட்டோடு தரப்படும் கூற்றுக் குறிப்பு. யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதை அது சொல்லிவிடுவதால் பாட்டு நேராக விஷயத்துக்குள் போகலாம். இன்றைய குட்டிக் கதையில் அந்தக் கூற்றின் வேலையைச் செய்ய வேண்டியது தலைப்பு. பலர் தலைப்பைக் கதை முடிந்தபிறகு அலங்காரமாக ஒட்டுகிறார்கள். கிடைக்கிற இலவச இடத்தை அப்படி வீணாக்கலாமா?

ஒரு நீலகிரிக் கதையை எடுத்துக்கொள்வோம்

இது எப்படி நடக்கிறது என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 1964 அக்டோபர் 30-ல் இந்தியாவும் இலங்கையும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்களில் கணிசமானவை நீலகிரிக்கு வந்தன. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976-ல் 'டான்டீ' நிறுவனமாக மாறியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையைப் பார்க்கலாம்.

அப்படி வந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் செல்லம்மா. அவருடைய கதையை ஐந்து வாக்கியத்தில் எழுதினால் இப்படி இருக்கும். எட்டு வயதில் அட்டனிலிருந்து அப்பாவோடு கப்பலில் வருகிறார். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் 38 வருடம் கொழுந்து பறிக்கிறார். 58 வயதில் ஓய்வு பெறுகிறார். வேலை முடிந்ததால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்.

இது 50 வருட வாழ்க்கை. ஆனால் இந்த ஐந்து வாக்கியத்தில் இன்னும் கதை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பவங்கள்தான் இருக்கின்றன. என்ன மாறுகிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் கதை பிடிபடும். இவர்களை இலங்கையில் இந்தியாக்காரர்கள் என்றார்கள். நீலகிரிக்கு வந்தால் சிலோன்காரர்கள் என்றார்கள். அப்படியானால் நீலகிரியை விட்டுப் போனபிறகு? இருந்த ஊர் ஒருபோதும் சொந்த ஊராகவில்லை, விட்டுவந்த ஊர்தான் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. இதுதான் சிக்கல். இதற்குச் செல்லம்மா என்ன செய்கிறார் என்பதுதான் முடிவு.

வழக்கமாக இதை இரண்டு விதத்தில் கெடுப்பார்கள். முதல் வழி, எல்லாவற்றையும் சொல்வது. கப்பலில் தொடங்கி, கல்யாணம், அட்டைக்கடி, போனஸ் தகராறு, கணவர் மரணம் என்று வருடத்துக்கு ஒரு வரி போட்டால் 300 சொல்லில் கிடைப்பது வாழ்க்கைக் குறிப்பு. இரண்டாவது வழி, ட்விஸ்ட். மகள் வீட்டுக்கு என்று பஸ் ஏற்றி, கடைசி வரியில் முதியோர் இல்லத்தின் போர்டைக் காட்டுவது. வாசகர் 'ஐயோ பாவம்' என்பார். ஆனால் அதில் அட்டனும் கோத்தகிரியும் எதற்கு? எந்த ஊர் அம்மாவை வைத்தும் அந்தக் கடைசி வரியை எழுதிவிடலாம். 50 வருடம் தேயிலைக் காட்டில் இருந்த ஒருவரின் வாழ்க்கை அங்கே வெறும் செட்டிங் ஆகிவிடுகிறது.

மூன்றாவது ஒரு வழியில் முயன்றால் இப்படி வரலாம்:

ஓய்வுபெற்ற மாதம்

லைன் வீட்டுச் சாவியை மேசையில் வைத்தாள் செல்லம்மா.

"சிலோன்காரம்மா, இனிமே எங்க இருப்பீங்க?" கிளார்க் கேட்டார்.

"திருப்பூருல. மக வீட்டுல."

முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு அந்த ஆபீஸில் அதுதான் பெயர். செல்லம்மா என்பது சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

கோத்தகிரி பஸ் வளைவுகளில் இறங்கும்போது தகரப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள். தலைமன்னாரில் கப்பலேறும்போது அப்பா தோளில் இருந்த பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அப்பா எழுதிய 'அட்டன்' பாதி அழிந்திருந்தது. அட்டனில் அவர்களை இந்தியாக்காரர்கள் என்பார்கள்.

திருப்பூரில் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றாள்.

"ஊட்டிக்காரம்மா, நல்ல டீத்தூள் எதுன்னு சொல்லுங்களேன்."

செல்லம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அன்று ராத்திரி பெட்டியைக் கீழே இறக்கினாள். பேத்தியிடம் ஸ்கெட்ச் பேனா இருந்தது.

"அட்டனுக்குக் கீழ கோத்தகிரின்னு எழுது கண்ணு."

எழுதினாள்.

"அதுக்கும் கீழ திருப்பூர்னு எழுதட்டுமா பாட்டி?"

பாட்டி பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"இப்ப வேணாம். இடம் மட்டும் விட்டு வை."

எது எந்த வேலையைச் செய்கிறது?

தலைப்பு நீங்கலாக இதில் 104 சொற்கள். அவை எங்கே செலவாயின என்று பார்த்தால் சுருக்கும் முறை புரியும்.

முதலில் நுழைவு. கதை கப்பலில் தொடங்கவில்லை, சாவியை வைப்பதில் தொடங்குகிறது. ஐந்து வாக்கியச் சுருக்கத்தில் இது நான்காவது வாக்கியம். குட்டிக் கதையில் முடிவுக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் தொடங்க வேண்டும். ஏன் காலி செய்கிறார் என்று கதைக்குள் ஒரு சொல்கூட இல்லை. 'ஓய்வுபெற்ற' என்று தலைப்பு சொல்லிவிட்டது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டை விட வேண்டும் என்பதைச் சாவி சொல்லிவிடுகிறது.

அடுத்து காலம். பஸ் பகுதியில் 26 சொற்கள்தான். ஆனால் 50 வருடம் அதில்தான் அடங்குகிறது. அதைத் தாங்குவது தகரப் பெட்டி. ஒரு பொருள் பழைய காலத்திலும் இருந்து இப்போதும் கையில் இருந்தால், நடுவில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. பெயின்ட் பாதி அழிந்ததே எத்தனை காலம் போனது என்று காட்டிவிடும். இந்த இடத்தில் பலர் பிளாஷ்பேக் போடுவார்கள். அதற்குக் குறைந்தது 100 சொல் வேண்டும். நிகழ்காலத்துக்குத் திரும்பி வர இன்னும் 20 சொல்.

ஆனால் பொருளை எதேச்சையாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பெட்டிக்குப் பதில் தாலியோ பழைய போட்டோவோ வைத்திருந்தாலும் ஞாபகம் வரும்தான். கதையின் சிக்கல் ஊர்ப் பெயரைப் பற்றியது. ஊர்ப் பெயர் எழுதும் வழக்கம் பெட்டியில்தான் உண்டு. கதை எதைப் பற்றியதோ, அதே விஷயத்தைத் தாங்கும் பொருளாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சிக்கல். இந்தக் கதையில் யாரும் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. கிளார்க் மரியாதையாகத்தான் பேசுகிறார், 'இருப்பீங்க' என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அன்பாகத்தான் கேட்கிறாள். இந்தியாக்காரர், சிலோன்காரம்மா, ஊட்டிக்காரம்மா என்ற மூன்று அழைப்புகளே முழுச் சிக்கலையும் சொல்லிவிடுகின்றன. திருப்பூர்க்காரருக்குக் கோத்தகிரியும் ஊட்டிதான் என்ற நடைமுறை உண்மையும் அதில் இருக்கிறது. தான் அழைக்கப்படுவது புரியாமல் செல்லம்மா பின்னால் திரும்பிப் பார்க்கிறார். அந்த ஆறு சொல்தான் கதையின் உச்சம்.

'ஊட்டிக்காரம்மா' என்ற இடத்திலேயே கதையை முடித்திருந்தால்? நல்ல பஞ்ச் கிடைத்திருக்கும். படித்தவர்கள் 'ஆமால்ல' என்று ஷேர் செய்திருப்பார்கள். ஆனால் அது செல்லம்மாவுக்கு நடந்த ஒன்று, செல்லம்மா செய்தது இல்லை. அதுவரை மற்றவர்கள்தான் அவருக்குப் பெயர் வைத்தார்கள். பெட்டியை இறக்கி 'எழுது கண்ணு' என்னும்போது முதல்முறையாக அவரே தன் ஊரைச் சொல்கிறார். மாற்றம் என்பது இதுதான். அதனால்தான் மொத்தத்தில் 30 சொல் இந்தக் கடைசிப் பகுதிக்குப் போயிருக்கிறது, மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகமாக.

கடைசி வரி எதையும் மூடவில்லை. திருப்பூர் தன் ஊராகுமா என்று செல்லம்மாவுக்கும் தெரியாது. ஆனால் பெட்டியில் இடம் இருக்கிறது. இந்த வரியை வாசகர் முன்கூட்டியே ஊகித்தாலும் நஷ்டமில்லை. ட்விஸ்ட் கதைக்கு அந்த வசதி கிடையாது. ஊகித்துவிட்டால் அத்தோடு அது முடிந்தது.

வெட்டியது எது, வைத்தது எது?

ஒப்பந்தத்தின் பெயர், வருடம், எண்ணிக்கை எதுவும் கதையில் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தலைமன்னார், கப்பல், அட்டன் என்ற மூன்று சொல்லே போதும். தெரியாதவர்களுக்கும் ஒரு சிறுமி கடல் தாண்டி வந்தாள் என்பது புரியும். வரலாற்றைக் கதைக்குள் விளக்க ஆரம்பித்தால் பாத்திரம் பேச்சாளர் ஆகிவிடும். அது கட்டுரையின் வேலை.

செல்லம்மாவின் கணவரும் மகளும் கதைக்குள் வரவில்லை. மகளை வெட்டுவது கஷ்டம், ஏனென்றால் அவர் வீட்டில்தான் கதை முடிகிறது. ஆனால் மகள் உள்ளே வந்தால் 'அம்மாவை நல்லா பார்த்துக்குவாளா?' என்ற இன்னொரு கேள்வி கூடவே வரும். 100 சொல்லில் இரண்டு கேள்விக்கு இடமில்லை. பேத்தி வரலாம், அவளுக்கு எழுதும் வேலை மட்டும்தான்.

300 சொல் வரை போகலாம் என்று எல்லை கொடுத்திருந்தால் மீதி 200-ஐ என்ன செய்வது? பின்கதைக்குத் தரக்கூடாது. கூடுதல் இடத்தை இருக்கிற காட்சிக்கே கொடுக்க வேண்டும். உதாரணமாக வாசல் காட்சியில், நல்ல தூள் எது என்று செல்லம்மா விளக்குவதை வைக்கலாம். இலையை 38 வருடம் பறித்தவர் கடைத் தூளைப் பற்றி என்ன சொல்வார் என்பதில் அவருடைய அறிவும் கொஞ்சம் கர்வமும் தெரியும். அவர் வெறும் பரிதாபத்துக்குரியவர் இல்லை என்பதும் தெரியும். நேரமும் சொல்லும் கிடைத்தால் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

கதை சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

எழுதியபிறகு மூன்று சின்னச் சோதனைகள் செய்யலாம். கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கவும். மிச்சம் இருப்பதில் ஒரு மனிதரும் அவருடைய சிக்கலும் தெரிய வேண்டும். மறைத்ததும் மொத்தமும் விழுந்துவிட்டால் நம்மிடம் இருப்பது துணுக்கு.

இரண்டாவது, 'பிறகு', 'அதன்பின்', 'வருடங்கள் உருண்டோடின' போன்றவை எத்தனை இருக்கின்றன என்று எண்ணவும். இரண்டுக்கு மேல் போனால், கதை காலத்தைச் சுருக்கவில்லை, வேகமாக ஓட்டுகிறது என்று அர்த்தம். தள்ளிவைத்த காலத்தைத் தாங்க ஒரு பொருளோ ஒரு அழைப்போ தேட வேண்டும்.

மூன்றாவது, கதையைப் படித்த ஒருவரிடம் 'என்ன கதை?' என்று கேட்கவும். 'கடைசியில ஒரு மேட்டர் இருக்கு, நீயே படி' என்றால் அது ட்விஸ்ட். 'ஒரு அம்மா, ஊர் ஊரா மாறி...' என்று சொல்ல ஆரம்பித்தால் கதை அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லாக் கதையும் இதில் அடங்காது

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒருவருடைய ஒரு மாற்றத்தைத்தான் சில நூறு சொல் தாங்கும். இதே நீலகிரியில் படகர் சமூகத்தின் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்பதை ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' நாவலாக எழுதினார். ஒரு சமூகமே மாறும்போது பலர் பல திசையில் இழுக்கிறார்கள், ஒவ்வொருவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒரு பக்கத்துக்குள் அடக்கினால் யாரோ ஒருவருடைய நியாயம் வெட்டுப்படும். அப்படிப்பட்ட கதைக்கு நாவல்தான் சரி.

சரி, அப்போ ட்விஸ்ட்டே கூடாதா? தாராளமாக வைக்கலாம், பாத்திரமும் அதனால் மாறும் என்றால். செல்லம்மாவுக்கும் 'ஊட்டிக்காரம்மா' என்பது எதிர்பாராததுதான். அதைக் கேட்டபிறகு அவர் பெட்டியை இறக்கினார் என்பதில்தான் கதை இருக்கிறது. குட்டிக் கதை எழுத உட்காருபவர்கள் 'கடைசி வரி என்ன?' என்று தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, 'இவர் இப்போது என்ன செய்வார்?' என்று கேட்டுப் பார்க்கலாம்.